‘ஆள் தேவை’ – உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரு விளம்பரம்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கும் வாசகர்களுக்குத் தெரியும். அங்கே ‘ஆட்கள் தேவை’ என்ற அட்டை தொங்காத பட்டறை வாசல் குறைவு. டீக்கடைத் தூணில், மின்கம்பத்தில், பஸ் நிற்கும் இடத்தில் என்று எங்கு பார்த்தாலும் அதே நான்கு வரிதான். ஆபரேட்டர் தேவை, அனுபவம் அவசியம், நல்ல சம்பளம், உடனே அணுகவும். அந்த நான்கு வரியை வைத்துக் கொண்டு அது எந்தப் பட்டறை, என்ன வேலை என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதியவருக்கே சொல்ல வந்தது ஒன்றும் இல்லையோ என்று சில சமயம் தோன்றும்.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் அங்கே ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறார். சேலம் பக்கத்திலிருந்து 1987-ல் இங்கு வந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டதால், இந்தக் கட்டுரையில் அவர் ‘முதலாளி’ மட்டுமே. (அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும், பட்டறையில் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) மொத்தம் பதினோரு பேர். பம்புகளுக்கும் ஜவுளி இயந்திரங்களுக்கும் வேண்டிய ஷாஃப்ட் செய்து கொடுக்கிறார்கள். 2023-ல் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. அதைத் தீர்த்தது ஒரு விளம்பரம். அந்த விளம்பரத்தை எழுதும்போது நானும் கூட இருந்தேன். டூல் ரூமில் முப்பது வருடம் காலம் தள்ளியவன் என்பதால் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

சங்கடம் இதுதான். ஷாஃப்டை லேத்தில் கடைந்து, ஹார்டனிங் செய்து வந்த பிறகு, கடைசி அளவுக்குக் கொண்டு வருவது சிலிண்டிரிகல் கிரைண்டிங் என்ற வேலை. ஷாஃப்டை இரண்டு முனைகளிலும் சென்டரில் தாங்கிச் சுழல விட்டு, வேகமாகச் சுற்றும் கல்லால் மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். இந்தப் பட்டறைக்கு அதிகம் வரும் அளவு 25 மில்லிமீட்டர், எச்5. வரைபடத்தில் அப்படிப் போட்டிருந்தால், ஷாஃப்டின் விட்டம் 25.000-க்கு மேலும் போகக் கூடாது, 24.991-க்குக் கீழும் இறங்கக் கூடாது. இடையில் இருப்பது 9 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்பது பங்கு. நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால் கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இந்த வேலையைப் பதினேழு வருடமாகச் செய்து வந்தவர், வயதான தாயாரைப் பார்த்துக் கொள்ள வேண்டும் என்று திருப்பத்தூர் பக்கம் தன் ஊருக்கே திரும்பிவிட்டார். முதலாளி லேத்தில் கெட்டிக்காரர். கிரைண்டிங்கில் அவ்வளவு கை வராது. வெளியே வேறொரு பட்டறையில் கொடுத்து வாங்கினார். ஒரு ஆர்டரில் 120 ஷாஃப்ட் போனது; 34 திரும்பி வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆர்டரை வேறிடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். பதினோரு குடும்பத்துக்குச் சோறு போடும் ஆர்டர் அது.

முதலில் அவரும் எல்லோரையும் போல நான்கு வரி எழுதி ஒட்டினார். ‘கிரைண்டிங் ஆபரேட்டர் தேவை. அனுபவம் உள்ளவர்கள். நல்ல சம்பளம். நல்ல சூழ்நிலை.’ இரண்டு வாரத்தில் ஐம்பதுக்கு மேல் போன் வந்தது. பெரும்பாலோர், கையில் பிடித்து வெல்டிங்கைத் தேய்க்கும் ஆங்கிள் கிரைண்டர் ஓட்டுகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விளம்பரத்தில் ‘கிரைண்டிங்’ என்றுதானே இருந்தது! ஒருவர், எவ்வளவு மாவு அரைக்க வேண்டியிருக்கும், ஹோட்டலா கேட்டரிங்கா என்று விசாரித்தார். கடைசியில் இருவரை எடுத்தார்கள். ஒருவர் எட்டாவது நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. மற்றவர் வேகமாகக் கல்லை உள்ளே தள்ளி, ஷாஃப்டின் தோளில் இடித்து, ஒரு கல்லையும் இரண்டு ஷாஃப்டையும் வீணாக்கினார். கல் உடைந்து பறக்காமல் போனது தெய்வச் செயல்.

அன்று மாலை என்னிடம் முதலாளி சொன்னார்: “நல்ல ஆளே ஊர்ல இல்லீங்க. எல்லாம் டெலிவரி வண்டி ஓட்டப் போயிட்டாங்க.”

இல்லாமல் இல்லை, இருக்கிறார்கள் என்றேன். ஜாலஹள்ளியிலிருந்து நெலமங்களா வரை எத்தனை கிரைண்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் நின்று கொண்டுதான் இருக்கிறார். வேலை தெரிந்தவர் வேலையில் இருப்பார். வேலையில் இருப்பவர் ‘நல்ல சம்பளம், நல்ல சூழ்நிலை’ என்ற அட்டையைப் பார்த்து ஏன் அசைய வேண்டும்? தான் இப்போது இருக்கும் இடத்தின் தொல்லைகள் அவருக்குத் தெரியும், பழகியும் விட்டது. புது இடத்தின் தொல்லை தெரியாது. தெரிந்த தொல்லையை விட்டுத் தெரியாத தொல்லைக்குப் போக, குடும்பம் உள்ளவன் துணிய மாட்டான். ஆகவே நம் தொல்லைகளை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

“கடையில மாம்பழம் விக்கறவன் அழுகினதை மேல வைக்கிற மாதிரி இருக்குதுங்களே” என்றார். ஆனாலும் ஒரு தாளை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொல்வது என்றால் மனதில் வந்ததையெல்லாம் கொட்டுவது அல்ல. முதலாளி எழுதிக் கொடுத்த முதல் பட்டியலில் மூன்று விதமான குறைகள் கலந்து கிடந்தன. வேலையோடு பிறந்த குறைகள் சில: அளவு கடுமை, நாள் முழுக்க நின்றபடி வேலை, அடிக்கடி செட்டிங் மாற்றம். கையில் காசு இல்லாததால் உள்ள குறைகள் சில: மெஷின் பழையது, இடம் குறுகலானது. இந்த இரண்டும் விளம்பரத்தில் வர வேண்டியவை. மூன்றாவது விதம் வேறு. கல்லின் மேல் மூடும் இரும்புக் கவசத்தில் ஒரு போல்ட் இல்லை என்று எழுதியிருந்தார். போன வருடம் இரண்டு மாதம் சம்பளம் 11-ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது என்றும் எழுதியிருந்தார்.

போல்ட் விஷயத்தை விளம்பரத்தில் போடக் கூடாது என்று நான் சண்டையே போட்டேன். அது சொல்ல வேண்டிய குறை அல்ல, மாட்ட வேண்டிய போல்ட். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று ஓடும் கல் உடைந்தால், நடுவில் நிற்பது அந்தக் கவசம் ஒன்றுதான். ‘எங்கள் கவசம் ஆடும்’ என்று நேர்மையாக அறிவித்துவிட்டு ஆளைக் கூப்பிடுவது நேர்மை ஆகாது. மறுநாள் காலையிலேயே போல்ட் வந்தது. புதுக் கல் மாட்டும் முன் அதைத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டி, மணி போல் ஒலிக்கிறதா என்று கேட்கும் வழக்கமும் திரும்ப வந்தது. விரிசல் விட்ட கல் மொத்தையாக ஒலிக்கும். முன்பு இருந்தவர் தானாகச் செய்து வந்தார். அவர் போனதும் அதுவும் போயிருந்தது.

சம்பளம் தள்ளிப் போனதற்குக் காரணம் உண்டு. சிறு தொழிலிடம் பொருள் வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. அவருக்குப் பணம் வந்து சேர்ந்தது தொண்ணூறு நாளில். தட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராதோ என்ற பயம். ஆனால் மெஷின் முன் நிற்பவர் வீட்டு வாடகைக்கு இந்தக் காரணம் உதவாது. முதலாளி ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடுவதில்லை என்று வைத்துக் கொண்டார். அதற்காக, வாங்க நினைத்திருந்த ஒரு பழைய லேத்தை வாங்கவில்லை. அதன் பிறகுதான் சம்பள வரியை எழுதினோம். விளம்பரம் எழுதப் போய்ப் பட்டறையைத் திருத்த வேண்டியதாயிற்று.

எழுதி முடிக்க நான்கு மாலை ஆனது. கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழில் இப்படி இருந்தது:

சிலிண்டிரிகல் கிரைண்டிங் தெரிந்தவர் ஒருவர் தேவை. (கையில் பிடிக்கும் கிரைண்டர் அல்ல.)

பீன்யாவில் 11 பேர் வேலை செய்யும் பட்டறை.

வேலை: ஹார்டனிங் ஆன ஷாஃப்ட், விட்டம் 12 முதல் 40 மி.மீ. வரை. அதிகம் வருவது 25 எச்5. ஒரு ஆர்டரில் 40 முதல் 200 வரை. ஒரே ஷாஃப்ட் நான்கு நாளுக்கு மேல் ஓடாது. செட்டிங், கல் டிரஸ்ஸிங், அளவு பார்த்தல் எல்லாம் உங்கள் பொறுப்பு. உதவியாள் கிடையாது.

மெஷின்: பழைய எச்.எம்.டி. ஒன்றுதான். கிராஸ் ஸ்லைடில் 0.03 மி.மீ. பேக்லாஷ் உண்டு. காலையில் முக்கால் மணி நேரம் சும்மா ஓட விட்ட பிறகுதான் அளவு நிற்கும். இந்த வருடம் புது மெஷின் வாங்க வசதி இல்லை.

ஹார்டனிங் வெளியே செய்து வருகிறது. சென்டர் ஓட்டை சில சமயம் அடிபட்டிருக்கும், கறை பிடித்திருக்கும். லேப்பிங் கையால் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிடுவோம். சென்டர் கெட்டதால் ஆகும் ரிஜெக்‌ஷன் உங்கள் மேல் வராது.

திங்கட்கிழமை காலை கூலன்ட் நாறும்.

நேரம்: 8.30 முதல் 5.30 வரை, வாரம் ஆறு நாள். இரவு ஷிப்ட் இல்லை. மாதக் கடைசியில் நான்கைந்து நாள் இரவு 8 வரை ஆகும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி.

சம்பளம்: ரூ.30,000 முதல் 34,000 வரை, வேலை பார்த்து. பி.எஃப். உண்டு. சம்பள நாள் 7-ஆம் தேதி. போன வருடம் இரண்டு மாதம் 11-ஆம் தேதி ஆனது. இப்போது அதற்கெனப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு நாள் வந்து ஐந்து ஷாஃப்ட் செய்து பாருங்கள். வேலை உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அன்றைக்கு ரூ.1,500 கொடுக்கப்படும்.

இவ்வளவுதான். இதில் எந்த வரி ஆளைக் கொண்டு வந்தது என்று கேட்டால், சம்பள வரி என்று பலர் நினைப்பார்கள். அது சென்டர் ஓட்டை வரி. ஏன் என்று விளக்க வேண்டும்.

ஷாஃப்டின் இரு முனையிலும் 60 பாகைக் கூம்பாக ஒரு சிறு குழி இருக்கும். அந்தக் குழியில்தான் மெஷினின் சென்டர் உட்கார்ந்து ஷாஃப்டைத் தாங்குகிறது. குழி சரியான வட்டமாக இல்லாவிட்டால், சுழலும்போது ஷாஃப்ட் மிக மெல்லிதாக ஆடும். அந்த ஆட்டம் அப்படியே ஷாஃப்டின் மேல் பதியும். மெஷின் எவ்வளவு உயர்ந்ததானாலும் குழி கெட்டிருந்தால் ஷாஃப்ட் உருண்டையாக வராது. இன்னும் தொல்லை என்னவென்றால், மைக்ரோமீட்டரில் அளந்தால் சில சமயம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு காட்டும். வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜைத் தொட்டுச் சுழற்றினால்தான் முள் ஆடும். ஷாஃப்ட் திரும்பி வந்ததும் பழி விழுவது கிரைண்டிங் செய்தவர் தலையில். குழியைக் கெடுத்தவர் லேத்திலோ ஹார்டனிங்கிலோ இருப்பார்.

இந்த வேலையில் பத்து வருடம் நின்ற எவரும் இந்தப் பழியைச் சுமந்திருப்பார். வேலை தெரியாதவருக்கு அந்த வரி ஒன்றும் புரியாது, தாண்டிப் போய்விடுவார். வேலை தெரிந்தவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். இதை எழுதியவனுக்கு நம் வேலை தெரிந்திருக்கிறதே என்று நினைப்பார். பொய் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு குறையைக் கற்பனை செய்யவே தோன்றாது. பேக்லாஷ் வரியும் அப்படித்தான். திருகைத் திருப்பும்போது 0.03 வரை வீணாகச் சுற்றும் என்றால், எப்போதும் ஒரே பக்கமிருந்து அளவை நெருங்க வேண்டும் என்று கை தேர்ந்தவருக்குத் தெரியும். அவருக்கு அது பயமுறுத்தல் அல்ல, ஒரு தகவல்.

ஒட்டிய இடத்தையும் மாற்றினோம். டீக்கடையை விட்டுவிட்டு, கிரைண்டிங் கல்லும் டிரஸ்ஸிங் வைரமும் விற்கும் கடைகள் மூன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னோம். மைக்ரோமீட்டரைச் சரிபார்த்துத் தரும் ஒரு லேபிலும் ஒன்று. வேலை தேடாத ஆட்கள் வந்து போகும் இடங்கள் அவை. யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் விட்டார்கள்.

ஐந்து வாரத்தில் வந்தது ஒன்பதே போன். முதல் வாரம் ஒன்றுமே வராததால் முதலாளி என்னை முறைத்துக் கொண்டிருந்தார். முந்தைய விளம்பரத்துக்கு ஐம்பது, இதற்கு ஒன்பது. ஆனால் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி. “என்ன கல் போடறீங்க?” என்று ஒருவர். “கிரைண்டிங்குக்கு எவ்வளவு விட்டுத் தர்றீங்க? ஹார்டனிங்ல வளையுமே?” என்று இன்னொருவர். இந்தக் கேள்விக்குள் ஒரு பாடமே இருக்கிறது. லேத்தில் விட்டத்தில் 0.3 மி.மீ. மிச்சம் வைத்துக் கொடுத்து, ஹார்டனிங்கில் ஷாஃப்ட் 0.2 வளைந்து வந்தால், ஒரு பக்கம் கல் தொடவே தொடாது. அதைப் போனிலேயே கேட்கிறவரிடம் வேறு என்ன சோதிக்க வேண்டியிருக்கிறது?

ஒன்பதில் நான்கு பேர் நேரில் வந்தார்கள். அதில் ஒருவர், பெரிய தொழிற்சாலையிலிருந்து வந்த நல்ல வேலைக்காரர், வாரம் ஆறு நாள் என்பது ஒத்துவராது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். அது நஷ்டம்தான். உள்ளதைச் சொன்னால் நல்லவர்களிலும் சிலர் விலகுவார்கள், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் சேர்ந்து ஒரு மாதம் கழித்துப் போகிறவரைவிட, டீயோடு போகிறவர் மேல். மற்றொருவர் வந்து மெஷினைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். இருவர் ஒரு நாள் வேலை செய்து பார்க்க ஒப்புக் கொண்டார்கள்.

ஐந்து ஷாஃப்டில் இரண்டில் சென்டர் கெட்டிருந்தது. வேண்டுமென்றே கலந்து வைத்தோம். ‘சில சமயம் அடிபட்டிருக்கும்’ என்று விளம்பரத்திலேயே சொல்லியிருந்ததால் இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது.

முதலில் வந்தவருக்குப் பதினொரு வருட அனுபவம். கை வேகம். பகல் ஒரு மணிக்குள் ஐந்தையும் முடித்துவிட்டார். மெஷினிலிருந்து எடுத்தவுடன் துடைத்து அளந்தார், ஒன்று 24.993. சரியான அளவுதான். சாப்பாடு முடிந்து வந்து அதே ஷாஃப்டை அளந்தால் 24.990! எங்கே போனது மூன்று மைக்ரான்? இரும்பு சூட்டில் விரியும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் பத்து டிகிரி சூடு ஏறினால் விட்டம் சுமார் 3 மைக்ரான் கூடும். கூலன்ட் குறைவாகப் பாய்ந்தால் அந்தப் பத்து டிகிரி சுலபமாக ஏறிவிடும். ஒன்பது மைக்ரானில் மூன்று இப்படிச் சூட்டிலேயே போய்விட்டது. சென்டர் கெட்ட இரண்டும் வி-பிளாக்கில் முள்ளை ஆட்டின. நல்ல மனிதர், 1,500 ரூபாயை வாங்கத் தயங்கினார். அது பேசியது என்று கையில் கொடுத்தோம்.

இரண்டாமவருக்கு வயது நாற்பத்தாறு. கிருஷ்ணகிரி பக்கம் சொந்த ஊர். பீன்யாவிலேயே வேறொரு கம்பெனியில் பதினான்கு வருடம். ஞாயிற்றுக்கிழமை வந்தார், அன்று அவருக்கு லீவு. வந்ததும் மெஷினைத் தொடவில்லை. “ரிஜெக்ட் பெட்டி எங்கேண்ணே இருக்கு?” என்று கேட்டார். அதில் கிடந்த ஷாஃப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முனையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெஷினை ஓட விட்டுவிட்டு, அது சூடாகும் முக்கால் மணி நேரத்தில் ஐந்து ஷாஃப்டின் குழிகளையும் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டைத் தனியே வைத்தார்.

“இந்த ரெண்டும் இப்பவே ஓட்டினா வேஸ்ட்டுண்ணே. ஒண்ணுல அடி, ஒண்ணுல கறை. லேப் பண்ணிட்டுத்தான் தொடணும்.”

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

டிரில்லிங் மெஷினில் கூம்புக் கல்லை மாட்டி, எண்ணெய் விட்டு, அந்த இரண்டு குழிகளையும் கையாலேயே தேய்த்துச் சரி செய்தார். முடித்த ஷாஃப்டைக் கிரானைட் பலகையின் மேல், மைக்ரோமீட்டருக்கும் மாஸ்டருக்கும் பக்கத்தில் இருபது நிமிடம் போட்டு வைத்தார். மூன்றும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே அளந்தார். ஐந்தும் முடியச் சாயங்காலம் ஐந்தரை ஆயிற்று. ஐந்தும் 24.994-க்கும் 24.998-க்கும் நடுவே இருந்தன.

சம்பளம் பேசும்போதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் ஏற்கெனவே 33,000 வாங்கிக் கொண்டிருந்தார். இங்கே அதிகபட்சமே 34,000. ஆயிரம் ரூபாய்க்காகப் பதினான்கு வருடத்தை விட்டுவிட்டு வருவாரா யாராவது? கேட்டுவிட்டேன்.

“ரூபாய்க்கு இல்லீங்க சார். அங்க ரிஜெக்‌ஷன் ஆனா என் பேருதான் போர்டுல எழுதுவாங்க. சென்டர் சரியில்லேன்னு சொன்னா, சாக்கு சொல்றேன்னுவாங்க. இவரு பேப்பர்லயே போட்டுட்டாரே, அது உங்க மேல வராதுன்னு. கல்லுக் கடையில அதைப் படிச்சேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என் சம்சாரத்துக்கும் படிச்சுக் காமிச்சேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“சம்பளம் லேட்டானதைச் சொல்றவங்க, இனிமே லேட்டாகாதுன்னா அதையும் நம்பலாம்னு சொன்னா. ராத்திரி ஷிப்ட் இல்லேன்னு எழுதியிருக்கே, அதை நேர்ல ஒரு தடவை கேட்டுக்கோன்னும் சொன்னா.”

முதலாளி அங்கேயே அதை இன்னொரு தடவை உறுதி சொன்னார். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர் வந்து சேர்ந்தார்.

இந்த மாதிரிப் பேச்சு வரும்போதெல்லாம், தென்துருவப் பயணி ஷாக்கிள்டன் 1914-ஆம் வருடப் பயணத்துக்கு முன் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு விளம்பரத்தை யாராவது உதாரணம் காட்டுவார்கள். கடுங்குளிர், குறைந்த கூலி, உயிரோடு திரும்புவது சந்தேகம் என்று எழுதினாராம், ஆட்கள் குவிந்தார்களாம். பலரும் பழைய பத்திரிகைகளைப் புரட்டித் தேடியும் அப்படி ஒரு விளம்பரம் வெளியானதற்கு இதுவரை அத்தாட்சி கிடைக்கவில்லை. அது நிஜமாகவே இருந்தாலும் பட்டறைக்குப் பயன்படாது. கஷ்டத்தைப் பெருமையாகச் சொன்னால் வீரர்கள் வருவார்கள்; கிரைண்டிங் மெஷினுக்கு வீரர் வேண்டாம், டார்ச் அடித்துக் குழியைப் பார்க்கிறவர் வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, அமெரிக்காவில் ஜான் வானஸ் என்பவர் 1973-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு வந்த பெண்களில் சிலருக்கு வேலையை இனிப்பாகக் காட்டும் படத்தையும், சிலருக்கு அதன் அலுப்பையும் சேர்த்துக் காட்டும் படத்தையும் போட்டுக் காட்டினார். அலுப்பைப் பார்த்தவர்களும் அதனால் வேலையை மறுத்துவிடவில்லை. சேர்ந்த பிறகு, விட்டுவிடலாமா என்ற எண்ணம் அவர்களிடம் குறைவாக இருந்தது. பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. எதிர்பார்த்து வந்ததுதான் நடக்கிறது, அவ்வளவே.

வாசகர்களில் சிலர் சொந்தமாகச் சிறு தொழில் நடத்துகிறவர்கள். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் எழுதியது அதோடு முடிந்து போகாது, ஒரு கடன் பத்திரம் போல நின்று கொண்டிருக்கும். மூன்றாவது மாதம் ஒரு தொகுதியில் பதினாறு ஷாஃப்ட் உருண்டையாக வராமல் போனது. சென்டர் கெட்டது என்றார் புதியவர். முதலாளிக்கு உள்ளுக்குள் சந்தேகம். நேராகத் திட்டாமல், பதினாறையும் எடுத்து முனையைப் பார்த்தார். பன்னிரண்டில் குழி கெட்டிருந்தது; நான்கில் இல்லை. அந்த நான்கும் கல்லைச் சரியாக டிரஸ் செய்யாததால் ஆனது என்று அவரே ஒப்புக் கொண்டார். பன்னிரண்டு ஹார்டனிங் செய்தவர் கணக்கில் போனது. அதன் பிறகு ஷாஃப்டுகளை மொத்தமாகக் கொட்டி அனுப்பாமல், மரச்சட்டத்தில் நிற்க வைத்து அனுப்புகிறார்கள். குழிகளில் அடிபடுவது பெரும்பகுதி குறைந்துவிட்டது. அன்று பதினாறையும் அவர் தலையில் கட்டியிருந்தால் அந்த விளம்பரம் பொய்யாகியிருக்கும், அவரும் கல்லுக் கடையில் போய்ச் சொல்லியிருப்பார்.

2025-ல் ஆர்டர் கூடியது. ஒரு பழைய இரண்டாவது மெஷின் வாங்கினார்கள், இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அதே விளம்பரத் தாளை எடுத்து, சம்பளத்தை மட்டும் மாற்றி, ஒட்டும் முன் கிருஷ்ணகிரிக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் முதலாளி. அவர் பேனாவை வாங்கி ‘திங்கட்கிழமை காலை கூலன்ட் நாறும்’ என்ற வரியை அடித்தார்.

ஞாயிறு முழுக்கப் பம்ப் ஓடாமல் தொட்டியில் தேங்கி நிற்பதாலும், மேலே படியும் எண்ணெய் காற்றை மறைப்பதாலும் வரும் நாற்றம் அது. அவர் சனிக்கிழமை சாயங்காலம் மேல் எண்ணெயை வழித்து எடுத்துவிட்டு, மீன் தொட்டிக்கு வைப்பார்களே, அந்தச் சின்னக் காற்று மோட்டாரைத் தொட்டிக்குள் குழாய் விட்டு ஞாயிறு முழுக்க ஓட விடுகிறார். செலவு சில நூறு ரூபாய். ஒரு வருடமாக நாற்றம் இல்லை.

அடித்த வரிக்கு மேலே வேறொரு வரியை எழுதினார்: ‘இரண்டாவது மெஷினில் டேபிள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. 200 மி.மீ.க்கு மேல் நீளம் போட்டால் டேப்பர் வரும்.’

“இதைச் சொல்லலேன்னா வர்றவன் என்னைத்தாண்ணே திட்டுவான்” என்றார்.